சேர்ந்து செய்த வேலையைத் தன் பெயரில் காட்டிவிட்டார்: திருத்தச் சொல்லி எப்படிக் கேட்பது?

நீலமை

எங்கள் குழுவில் நானும் இன்னொரு சகாவும் சேர்ந்து ஒரு வேலை செய்தோம். வாடிக்கையாளர்கள் அனுப்பும் பணம் எந்த பில்லுக்கு உரியது என்று தானாகவே பொருத்திப் பார்க்கும் நிரல். அதற்கு முன் கணக்குப் பிரிவில் ஆட்கள் வங்கி அறிக்கையையும் பில் பட்டியலையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக டிக் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

தொகையும் பில் எண்ணும் சரியாக ஒத்துப்போனால் யார் வேண்டுமானாலும் நிரல் எழுதிவிடலாம். தலைவலி மற்றவற்றில்தான். ஒருவர் மூன்று பில்லுக்கும் சேர்த்து ஒரே தொகையாக அனுப்புவார். இன்னொருவர் ஒரே பில்லை இரண்டு தவணையாகக் கட்டுவார். சிலருடையது வங்கிக் கட்டணம் பிடித்தது போகக் கொஞ்சம் குறைந்து வந்து சேரும். இதற்கெல்லாம் விதிகளை யோசித்து, பழைய பதிவுகளில் ஓட்டிப் பார்த்து, எக்செல்லில் அட்டவணையாகப் போட்டது நான். நிரலில் பாதியையும் எழுதினேன். சகா மீதி நிரலை எழுதினார், தினமும் தானாக ஓடும்படி அமைத்தார், அறிக்கைத் திரையைச் செய்தார். அவர் செய்ததும் சின்ன வேலை இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

போன துறைக் கூட்டத்தில் அவர் இதை விளக்கினார். முதல் ஸ்லைடில் அவர் பெயர் மட்டும். விதிகள் பற்றிய ஸ்லைடில் என் எக்செல் அட்டவணையை அப்படியே ஒட்டியிருந்தார், நான் போட்ட மஞ்சள் நிறம்கூட மாறவில்லை. "இந்தப் பகுதிக்குத்தான் ரொம்ப மெனக்கெட வேண்டியிருந்தது" என்றார். கூட்டம் முடிந்ததும் துறைத் தலைவர் அவரைப் பாராட்டித் துறை முழுக்க மெயில் போட்டார். நானும் அந்தக் கூட்டத்தில்தான் உட்கார்ந்திருந்தேன்.

இதுவரை அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. தினமும் பக்கத்து இருக்கையில் உட்காருகிறவர், என்னைவிட மூத்தவர், அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். சண்டை வேண்டாம், ஆனால் விட்டுவிடவும் மனம் வரவில்லை. ஆண்டு மதிப்பீடு வேறு வரப்போகிறது. என்ன சொல்லிக் கேட்பது?

நேர்வழி

இதுல யோசிக்க என்ன இருக்கு சகோ? `git blame` போடுங்க. எந்த வரி யாரு எழுதினாங்கன்னு புட்டுப் புட்டு வெச்சிடும். ஸ்கிரீன்ஷாட் எடுங்க, தலைவர் போட்ட மெயிலுக்கே ரிப்ளை ஆல் அடிச்சு ஒட்டிவிடுங்க. ஆதாரத்துக்கு முன்னாடி யாரும் வாய் திறக்க முடியாது. மூத்தவர், அண்ணான்னு பாத்தா காலம் பூரா இப்படித்தான்.

பழையமேசை

பல குழுக்களை நடத்தியவன் என்ற முறையில் சொல்கிறேன். நேர்வழி சொன்னதில் பாதி சரி. ஆதாரத்தை எடுத்துக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். ஆனால் அது உங்களுக்காக, என்ன கேட்கப் போகிறோம் என்பதில் உங்களுக்குத் தடுமாற்றம் வராமல் இருப்பதற்காக. அதை முதல் அடியாக எல்லோர் முன்னாலும் எடுத்து வீசினால் தலைவருக்குத் தெரிவது யார் விதி எழுதினார்கள் என்பதல்ல, அவர் துறையில் இரண்டு பேர் அடித்துக்கொள்கிறார்கள் என்பதுதான். தான் அனுப்பிய பாராட்டு தவறு என்று துறை முழுக்கப் பார்க்க அவருக்கே சொல்வதும் ஆகும் அது.

முதலில் ஒன்று யோசியுங்கள். அவர் வருத்தப்பட வேண்டுமா, தவறாக இருக்கும் பதிவுகள் திருந்த வேண்டுமா? இரண்டும் ஒன்றல்ல. "ஸாரிம்மா, மறந்துட்டேன்" என்று டீ குடிக்கிற இடத்தில் சொல்லிவிட்டுப் போனால் உங்கள் மனம் ஆறலாம். ஸ்லைடு அப்படியே இருக்கும், மெயில் அப்படியே இருக்கும், மதிப்பீட்டில் உட்காருகிறவர்கள் அவற்றைத்தான் பார்ப்பார்கள். ஆகவே தவறான பெயர் எங்கெங்கே உட்கார்ந்திருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். நீங்கள் சொன்னதிலிருந்து எனக்குத் தெரிவது ஸ்லைடு கோப்பு, பாராட்டு மெயில், நிரல் இருக்கும் களஞ்சியம். உள் வலைப்பக்கம் எதிலாவது இந்த வேலை பற்றி எழுதியிருந்தால் அதையும் பாருங்கள்.

இதில் மெயில்தான் கனமானது, ஏனென்றால் அதை எல்லோரும் படித்துவிட்டார்கள். அதைத் திருத்த வேண்டியவர் உங்கள் சகா. அவரே அந்த மெயிலுக்குப் பதிலாக "இது இரண்டு பேர் வேலை" என்று ஒரு வரி போட்டால் அவருக்கு ஒன்றும் குறையாது, பெரிய மனுஷத்தனமாகவே தெரியும். அதே வரியை நீங்கள் போட்டால் புகார் ஆகிவிடும். எனவே உங்கள் கோரிக்கை இதுதான்: ஸ்லைடை மாற்றி, அதே மெயிலில், அதே ஆட்களுக்கு ஒரு வரி போடச் சொல்வது. "அடுத்த தடவை பார்த்துக்கோங்க" என்று விட்டால் இந்தத் தடவை போனது போனதுதான்.

அப்புறம், தள்ளிப்போடாதீர்கள். அந்த ஸ்லைடு இன்னொரு துறைக்குப் போய்விட்டால் திருத்த வேண்டிய இடம் கூடிக்கொண்டே போகும்.

சட்டப்புலி

இது தெளிவான காப்புரிமை மீறல். படைப்பாளிக்குத் தன் பெயரைக் கோரும் உரிமை உண்டு, பெர்ன் உடன்படிக்கையிலேயே இருக்கிறது. 1928-ல் ரோமில் திருத்தியபோது சேர்த்தது. ஒரு வக்கீலிடம் நோட்டீஸ் தயார் செய்யுங்கள்.

பழையமேசை

@சட்டப்புலி, உடன்படிக்கையில் இருப்பது உண்மைதான். ஆனால் அது ஒவ்வொரு நாட்டுச் சட்டத்திலும் எப்படி இறங்கியிருக்கிறது என்பது வேறு. பிரிட்டனின் 1988 சட்டம் பெயர் கோரும் உரிமையிலிருந்து கணினி நிரல்களை நேராகவே விலக்கி வைத்திருக்கிறது. சம்பளத்துக்கு எழுதும் நிரலின் சொத்துரிமை பெரும்பாலும் நிறுவனத்துக்குப் போய்விடும், வேலைக்குச் சேரும்போது கையெழுத்து போட்ட தாளிலும் அப்படித்தான் இருக்கும். இங்கே அவர் கேட்பது பக்கத்து இருக்கைக்காரரிடம் எப்படிப் பேசுவது என்று. வக்கீல் நோட்டீஸ் அனுப்பிவிட்டு மறுநாள் காலை அதே இருக்கையில் போய் உட்கார முடியுமா?

சட்டப்புலி

உரிமை உண்டு என்று தெரிந்தால் பேசத் தைரியம் வரும் என்றுதான் சொன்னேன். சரி, விடுங்கள்.

ஆய்வறை_8

எனக்கு இதே கதை நடந்தது, கொஞ்சம் வேறு மாதிரி. ஆய்வுக்கூடத்தில் என் தரவை வைத்து சக மாணவி ஒருத்தி கருத்தரங்கில் போஸ்டர் வைத்தாள். ஆசிரியர் பட்டியலில் அவளும் எங்கள் வழிகாட்டியும் மட்டும். நான் நேராக வழிகாட்டியிடம் போனேன். "உங்களுக்குள்ள பேசித் தீத்துக்கோங்க" என்று அனுப்பிவிட்டார். அவளோ முதலில் தன்னிடம் கேட்கவில்லை என்று கோபித்துக்கொண்டாள். போஸ்டர் திருந்தவே இல்லை, ஏற்கெனவே அச்சாகிச் சுவரில் தொங்கிவிட்டது.

ஆனால் எங்கள் பக்கம் ஒரு வசதி உண்டு, எழுதிவைத்த விதி இருக்கிறது. மருத்துவ இதழ்களில் ஆசிரியராக வர நான்கு நிபந்தனைகள், நான்கையும் பூர்த்தி செய்ய வேண்டும், இல்லாவிட்டால் நன்றிப் பகுதியில்தான் பெயர். அதோடு, யார் என்ன பங்கு செய்தார்கள் என்று 14 வகையாகப் பிரித்து எழுதும் ஒரு பட்டியலை இப்போது பல இதழ்கள் கேட்கின்றன. கருத்தாக்கம், முறையியல், மென்பொருள், சரிபார்ப்பு, இப்படிப் போகும். நீலமை, உங்கள் வேலையை அந்தக் கண்ணால் பாருங்கள். முறையியலும் சரிபார்ப்பும் முழுக்க நீங்கள், மென்பொருள் இரண்டு பேரும், காட்சிப்படுத்தல் அவர். "பாதிக்குப் பாதி" என்று சொல்வதைவிட இது நன்றாக நிற்கும்.

எதிர்க்கேள்வி

எல்லோரும் ஒரு பக்கமாகவே பேசுகிறீர்கள். ஸ்லைடு செய்வதும், முப்பது பேர் முன்னால் நின்று கேள்விக்குப் பதில் சொல்வதும் வேலை இல்லையா? அவர் எடுத்துச் சொல்லாவிட்டால் அந்த எக்செல் தாள் யாருக்கும் தெரியாமலே கிடந்திருக்கும். நீலமை கூட்டத்தில் உட்கார்ந்திருந்தார், "அந்த விதியை நான் விளக்குகிறேன்" என்று அங்கேயே எழுந்திருக்கலாமே? அப்போது சும்மா இருந்துவிட்டு இப்போது கேட்டால் அவருக்கு எப்படித் தெரியும்?

நேர்வழி

முப்பது பேர் முன்னாடி எழுந்து நிக்கணுமாம்! நீங்க நின்னிருப்பீங்களா?

பழையமேசை

எதிர்க்கேள்வி சொல்வதில் முதல் பாதியை ஏற்கிறேன். விளக்கியதும் வேலைதான், அதற்கான பெயர் அவருக்கு வரட்டும், யாரும் பிடுங்கவில்லை. கூட்டத்தில் பேசாததால் பின்னால் கேட்கும் உரிமை போய்விடும் என்பதை மட்டும் ஏற்க முடியாது. வாயடைத்துப்போவது சாதாரணம்.

ஆய்வறை சொன்ன பிரிவுமுறை மிகவும் பயன்படும். அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. ராஸ், சிக்கோலி என்ற இரண்டு உளவியலாளர்கள் 1979-ல் வெளியிட்ட ஆய்வில், வீட்டு வேலைகளில் உங்கள் பங்கு எவ்வளவு என்று கணவனையும் மனைவியையும் தனித்தனியே கேட்டார்கள். இருவர் சொன்னதையும் கூட்டினால் பெரும்பாலான தம்பதிகளில் மொத்தம் நூறைத் தாண்டியது. காரணம் பொய் அல்ல. நாம் செய்தது நமக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, மற்றவர் செய்தது கண்ணில் படுவதில்லை. உங்கள் சகாவின் தலையிலும் இதே கணக்குத்தான் ஓடிக்கொண்டிருக்கும், இரவில் உட்கார்ந்து அறிக்கைத் திரையைச் சரிசெய்தது அவருக்குப் பெரிதாகத் தெரியும். நீங்கள் "அறுபது சதவீதம் நான்" என்றால் அவர் "எழுபது நான்" என்பார், பேச்சு அங்கேயே மாட்டிக்கொள்ளும். விதி அட்டவணை யார் செய்தது என்றால் அதற்கு ஒரே பதில்தான்.

நீலமை

எல்லோருக்கும் நன்றி. நேர்வழி சொன்ன `git blame` போட்டுப் பார்த்தேன், எனக்கு அழுகையே வந்துவிட்டது. நான் எழுதிய வரிகள் உட்பட எல்லாவற்றிலும் அவர் பெயர்தான் வருகிறது. நான் என் கிளையில்தான் எழுதினேன், என் பெயரில்தான் கமிட் செய்தேன். அது எப்படிப் போனது?

கிளைவெட்டி

கடைசியாக இணைக்கும்போது அவர் இப்படிச் செய்திருப்பார்:

```
git merge --squash rules
git commit -m "bill matching"
```

`--squash` உங்கள் கமிட்களையெல்லாம் ஒரே மாற்றமாக அமுக்கிவிடும். அதற்குப் பிறகு யார் `git commit` அடிக்கிறாரோ அவர்தான் ஆசிரியர். `-m` போடாமல் விட்டிருந்தால் பழைய கமிட்களின் பட்டியல், உங்கள் பெயரோடு, செய்திப் பெட்டியில் தானாகவே வந்து நின்றிருக்கும். `-m` போட்டதும் அதுவும் போச்சு. பெரும்பாலும் இதில் உள்நோக்கம் இருக்காது, வரலாறு சுத்தமாக இருக்கட்டும் என்று பழக்கத்தில் செய்வார்கள். ஸ்லைடு விஷயம் வேறு, நிரலை வைத்து அவரைத் திருடன் என்று முடிவுகட்டாதீர்கள்.

`git blame` எப்போதுமே ஒரு வரியைக் கடைசியாகத் தொட்டவரைத்தான் காட்டும். யாராவது இடைவெளியைச் சரிசெய்தால்கூட அவர் பெயர் ஏறிவிடும். @நேர்வழி, நீலமை உங்கள் பேச்சைக் கேட்டு ஸ்கிரீன்ஷாட்டை எல்லோருக்கும் அனுப்பியிருந்தால் ஆதாரம் அவருக்கே எதிராகப் போயிருக்கும்.

இப்போது உடனே செய்ய வேண்டியது, உங்கள் பழைய கிளையைக் காப்பாற்றுவது. உங்கள் கணினியில் அந்தக் கிளை இன்னும் இருந்தால் தொடாதீர்கள். அழித்திருந்தால் `git reflog` பாருங்கள், கமிட் எண் கிடைக்கும்.

```
git reflog
git branch keep-rules 3f2a91c
git log --format='%h %an %ad %s' keep-rules
```

நடுவில் இருக்கும் எண் எடுத்துக்காட்டுதான், உங்கள் எண்ணைப் போடுங்கள். எந்தக் கிளையிலும் சேராத கமிட்களை ரீஃப்ளாக் இயல்பாக 30 நாள் வரைதான் பிடித்து வைத்திருக்கும், அதனால் இன்றே பாருங்கள்.

நீலமை

கிடைத்துவிட்டது! என் பெயரில் எல்லாக் கமிட்டும் தேதியோடு இருக்கின்றன. எக்செல் கோப்பிலும் மாற்ற வரலாறு இருக்கிறது.

அவருக்கு அனுப்ப ஒரு செய்தி எழுதி வைத்திருக்கிறேன், பார்த்துச் சொல்லுங்கள்:

"அண்ணா, தப்பா எடுத்துக்காதீங்க, ஒரு சின்ன விஷயம். அன்னைக்குக் கூட்டத்துல ரொம்ப நல்லா பேசினீங்க. எனக்குப் பேரு வரணும்னு இல்ல, ஆனா அந்த விதியெல்லாம் நாம ரெண்டு பேரும் சேந்து பண்ணதுதானே, ஏன் என் பேரைச் சொல்லல? முடிஞ்சா அடுத்த தடவை கொஞ்சம் பாத்துக்கோங்க."

பழையமேசை

எழுத்தில் மரியாதை இருக்கிறது, கோரிக்கை இல்லை. ஒவ்வொரு வரியும் என்ன செய்கிறது என்று பாருங்கள். "எனக்குப் பேரு வரணும்னு இல்ல" என்பது நீங்கள் கேட்க வந்ததையே ரத்து செய்கிறது. அவர் அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு "அதானே, நமக்குள்ள என்ன" என்று முடித்துவிடலாம். "சேந்து பண்ணதுதானே" என்று எழுதி உங்களுடைய விதி அட்டவணையில் பாதியை நீங்களே தாரை வார்த்துவிட்டீர்கள். "ஏன் சொல்லல" என்று கேட்டால் காரணம் சொல்வார், நீங்கள் அந்தக் காரணத்தோடு வாதாடிக்கொண்டிருப்பீர்கள். "அடுத்த தடவை" பற்றி முன்பே சொல்லிவிட்டேன்.

இதை முதலில் எழுத்தில் அனுப்பாதீர்கள். திரையில் படிக்கும்போது எந்தக் குரலில் வேண்டுமானாலும் படிக்கலாம். "பில் பொருத்தம் பத்திப் பேசணும், பத்து நிமிஷம் வரீங்களா" என்று தனியாக அழையுங்கள். இப்படிச் சொல்லலாம்:

"அண்ணா, கூட்டத்துல காட்டின ஸ்லைடுல உங்க பேரு மட்டும் இருந்தது. விதி அட்டவணை நான் செஞ்சது, நிரல்ல பாதியும் நான் எழுதினேன். தானா ஓடுற அமைப்பும் அறிக்கையும் உங்களோடது. இது தலைவருக்கும் மத்தவங்களுக்கும் தெரியணும்னு நினைக்கிறேன். முதல் ஸ்லைடுல என் பேரையும் சேத்துட்டு, அவர் போட்ட மெயிலுக்கே ஒரு வரி பதில் போட்டுடுங்க."

சொல்லிவிட்டு நிறுத்திவிடுங்கள். அந்த மௌனம் சங்கடமாக இருக்கும், அதை நிரப்பப் போய்த்தான் "பரவாயில்லை, கஷ்டம்னா விடுங்க" என்று நாமே கையை விரித்துவிடுவோம். அவர் பேசட்டும்.

இதில் எங்குமே அவர் மனதில் என்ன இருந்தது என்று சொல்லவில்லை, கவனித்தீர்களா? ஸ்லைடில் என்ன இருந்தது என்பது இருவரும் பார்த்தது. வேண்டுமென்றே செய்தாரா என்பது உங்களுக்குத் தெரியாது. அதைத் தொட்டால் மட்டும்தான் அவருக்குத் தற்காப்பு தேவைப்படும்.

அவர் சரி என்றால் அன்றே எழுத்தில் ஒரு செய்தி, போட வேண்டிய வரியையும் சேர்த்தே: "நன்றி சார். இது நானும் (உங்கள் பெயர்) சேர்ந்து செய்தது. பொருத்தும் விதிகளை அவர் வடிவமைத்துச் சோதித்தார், நிரலை இருவரும் எழுதினோம், தானியங்கி ஓட்டமும் அறிக்கையும் என்னுடையவை. திருத்திய ஸ்லைடை இணைத்திருக்கிறேன்." வரியை நீங்களே எழுதித் தருவது அதிகப்பிரசங்கித்தனம் இல்லை. எழுத உட்காருகிற சோம்பலில்தான் பாதி வாக்குறுதிகள் நின்றுபோகின்றன.

ஆய்வறை_8

அந்த மௌனம் பற்றிச் சொன்னது நூற்றுக்கு நூறு. நான் அவளிடம் பேசியபோது கடைசியில் நானே "விடு, சும்மா கேட்டேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

எதிர்க்கேள்வி

அவர் "எனக்கு அப்படி ஞாபகம் இல்லையே" என்றால்?

பழையமேசை

அப்போதுதான் கமிட் பட்டியலும் எக்செல்லும். அதுவும் "இதோ பார்" என்று நீட்டாமல், "ரெண்டு பேரும் சேந்தே பாத்துடலாம்" என்று அவர் திரையிலேயே திறப்பது. அதற்குப் பிறகும் மறுத்தால் உங்கள் நேரடி மேலாளரிடம் போகலாம், ஆனால் "அவர் திருடினார்" என்றல்ல. இந்த வேலையில் என் பங்கு இவை, கூட்டத்தில் அது வரவில்லை, சகாவிடம் பேசினேன், ஒத்துப்போகவில்லை, மதிப்பீட்டுக்கு முன் உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும் என்று.

அவர் என்ன சொன்னாலும் சரி, உங்கள் மதிப்பீட்டுப் படிவத்தில் உங்கள் பங்கை நீங்கள் எழுதுவதற்கு யார் சம்மதமும் வேண்டாம். அதில் அவர் பங்கையும் சரியாக எழுதுங்கள். அடுத்தவர் பங்கை ஒழுங்காகச் சொல்கிறவர் தன் பங்கைச் சொன்னால் நம்புவார்கள்.

நீலமை

பேசிவிட்டேன். நினைத்தபடியும் நடந்தது, நினைக்காதபடியும் நடந்தது.

முதலில் முகம் மாறியது. "நான்தானே பேசினேன், ஸ்லைடு டெம்ப்ளேட்டுல விளக்குபவர் பேருன்னுதானே இருக்கு" என்றார். உண்மையிலேயே எங்கள் டெம்ப்ளேட்டில் அந்த ஒரு இடம்தான் இருக்கிறது. சொல்லி வைத்தபடி பேசாமல் இருந்தேன், கஷ்டமாகத்தான் இருந்தது. அப்புறம் "சரி, விளக்குபவர் உங்க பேரே இருக்கட்டும், கீழே உருவாக்கம்னு ஒரு வரி போட்டு ரெண்டு பேரும் இருக்கட்டும்" என்றேன். அதற்கு உடனே ஒத்துக்கொண்டார். `--squash` பற்றிக் கேட்டபோது அவருக்கே அதிர்ச்சி, பெயர் போய்விடும் என்று தெரியாதாம். அதை நம்புகிறேன்.

எழுதித் தந்த வரியை அன்று மாலையே அனுப்பினேன். அவர் போடவில்லை. இரண்டு நாள் கழித்து "அண்ணா, அந்த மெயில் இன்னைக்குப் போட்டுடுவீங்களா" என்று மட்டும் கேட்டேன். போட்டார், கிட்டத்தட்ட நான் எழுதியபடியே. தலைவர் இருவருக்கும் நன்றி என்று பதில் போட்டார்.

ஆனால் ஸ்லைடைத் திறந்து பார்த்தால் முதல் பக்கம் மாறவில்லை. கடைசியில் நன்றி என்று புதிதாக ஒரு ஸ்லைடு, அதில் சர்வர் குழு, கணக்குப் பிரிவு, நடுவில் என் பெயர். திரும்பவும் கேட்கவா? அற்பமாகத் தெரியுமோ என்று இருக்கிறது.

நேர்வழி

நான் அப்பவே சொன்னேன்ல?

எதிர்க்கேள்வி

மெயில் வந்துவிட்டது, தலைவரும் பதில் போட்டுவிட்டார். இதற்கு மேல் ஸ்லைடு எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொண்டிருந்தால் அந்த மனிதர் அடுத்த வேலையில் உங்களோடு சேரவே யோசிப்பார்.

பழையமேசை

மெயில்தான் முக்கியம், அது கிடைத்துவிட்டது என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நன்றிப் பக்கத்தில் வருவது வேறு. சர்வர் குழு இடம் கொடுத்தது, கணக்குப் பிரிவு பதிவுகளைக் கொடுத்தது, அவர்களுக்கு நன்றி சொல்வது சரி. நீங்கள் அதைச் செய்தவர். கூட்டத்துக்கு வராதவருக்கு அந்தக் கோப்பு மட்டும்தான் போய்ச் சேரும், அவர் கடைசிப் பக்கம் வரை பார்ப்பார் என்று நம்ப முடியாது. ஒத்துக்கொண்ட ஒன்று நடக்கவில்லை என்றால் ஒரு தடவை நினைவுபடுத்துவது அற்பம் இல்லை. "மெயிலுக்கு ரொம்ப நன்றிண்ணா. உருவாக்கம் வரி முதல் ஸ்லைடுல வரலை, கோப்பு பொது ஃபோல்டர்லதானே இருக்கு, நானே சேத்துடட்டுமா?" என்று கேளுங்கள். அவர் சரி என்று சொன்னால் போதும், வேலை உங்கள் கையில். சொல்லாமல் நீங்களே மாற்றிவிடாதீர்கள்.

அதற்கும் இழுத்தால் நான் அங்கே விட்டுவிடுவேன். எதிர்க்கேள்விக்கு ஒத்துப்போகும் இடம் அது.

ஆய்வறை_8

நான் விடமாட்டேன். எங்கள் துறையில் நன்றிப் பகுதியில் வந்த பெயரை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

நீலமை

கேட்டேன். "சேத்துக்கோம்மா" என்றார். குரலில் கொஞ்சம் சலிப்பு இருந்தது, இருக்கட்டும். முதல் ஸ்லைடில் சேர்த்துவிட்டேன், நன்றிப் பக்கத்திலிருந்து என் பெயரை எடுத்துவிட்டேன். பழைய கோப்பு ஏற்கெனவே வேறு ஒரு துறைக்குப் போய்விட்டதாம், அதை என்ன செய்வது என்று தெரியவில்லை. பேச்சில் முன்பிருந்த கலகலப்பு இன்னும் வரவில்லை.

@கிளைவெட்டி, ஒரு சந்தேகம். களஞ்சியத்திலும் என் பெயர் வரட்டும் என்று அவரே சொன்னார். வரலாற்றைத் திருத்தாமல் செய்ய வழி உண்டா? ஒரு வெற்றுக் கமிட்டில் `Co-authored-by` போட்டுப் பார்த்தேன், என் பெயர் எங்கும் வரவில்லை.

கிளைவெட்டி

முதன்மைக் கிளையின் வரலாற்றைத் திருத்தாமல் விட்டது சரி, திருத்தினால் மற்ற எல்லோருடைய பிரதியும் குழம்பும். வெற்றுக் கமிட்டே போதும். செய்திக்கும் அந்த வரிக்கும் நடுவில் ஒரு காலி வரி விட்டீர்களா? விடாவிட்டால் அது வெறும் செய்தியாகத்தான் எண்ணப்படும். இரண்டு `-m` கொடுத்தால் காலி வரி தானாக விழும்:

```
git commit --allow-empty \
  -m "Credit for bill matching rules" \
  -m "Co-authored-by: Name <name@example.com>"
git log -1 --format='%(trailers:key=Co-authored-by)'
```

இரண்டாவது கட்டளையில் பெயர் வந்தால் சரியாக விழுந்திருக்கிறது. மின்னஞ்சல் முகவரி நீங்கள் வழக்கமாகக் கமிட் செய்வதாக இருக்கட்டும். இதை அவர் கணக்கிலிருந்து அவரே போட்டால் நல்லது. செய்தியில் பழைய கமிட்டின் எண்ணையும் குறிப்பிடச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் எதற்கான பெயர் இது என்று பின்னால் வருகிறவருக்குப் புரியாது. `git blame` மட்டும் மாறாது, அதில் அவர் பெயர்தான் தொடர்ந்து வரும்.

நீலமை

காலி வரிதான் பிரச்சினை. அந்தக் கமிட் இன்னும் என் கணினியில்தான் இருந்தது, அழித்துவிட்டேன். நாளை அவரையே போடச் சொல்கிறேன்.